கேவியர், சால்மன் சினை, மடவைச் சினை: எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது

உப்பிட்ட மீன் சினை வாங்க நினைப்பவர் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டர்ஜன் மீனின் சினையில் செய்யும் கேவியர். 30 கிராம் டப்பா வாங்கவே யோசிக்க வைக்கும் விலை. இரண்டாவது, சால்மன் சினை. ஜப்பானியர்கள் இகுரா என்பார்கள். ஆறேழு மில்லிமீட்டர் அளவில் ஆரஞ்சு நிற மணிகள், வாயில் போட்டதும் வெடிக்கும். மூன்றாவது, மடவை மீனின் சினையைப் பையோடு எடுத்து, உப்பிட்டு, அழுத்திக் காயவைத்த கட்டி. இத்தாலியில் பொட்டார்கா, ஜப்பானில் கராசுமி, கிரேக்கத்தில் அவ்கோதாரகோ என்று அதற்குப் பல பெயர்.

இவற்றை விலையையும் ருசியையும் மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. வாங்கிய பொருள் வீட்டில் எத்தனை நாள் தாங்கும், எந்தக் குளிரில் வைக்க வேண்டும், நாமே உப்பிட்டால் ஆபத்து உண்டா என்பதெல்லாம் ஒரே விஷயத்தில் அடங்கியிருக்கிறது: முட்டைக்குள் இருக்கிற தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதில். அதைப் புரிந்துகொண்டால் மூன்றில் எது உங்களுக்குச் சரிவரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

கறுப்பாக, சின்ன உருண்டையாக இருப்பதெல்லாம் கேவியர் அல்ல. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2010இல் கேவியருக்கென்று ஒரு தரவரையறை வெளியிட்டது. அதன்படி ஸ்டர்ஜன் வகை மீன்களின் முட்டையாக இருக்க வேண்டும், 100 கிராமில் 3 முதல் 5 கிராம் உப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் வெறுமனே கேவியர் என்று போட்டால் அது ஸ்டர்ஜனாகத்தான் இருக்க வேண்டும். மற்ற மீன் என்றால் மீனின் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் மலிவு விலையில் கிடைக்கும் கறுப்புச் சினை பெரும்பாலும் லம்ப்ஃபிஷ் என்ற வட அட்லாண்டிக் மீனுடையது. அதன் இயல்பான நிறம் கறுப்பு இல்லை, சாயம் போட்டிருப்பார்கள். அவித்த முட்டை மேல் வைத்துப் பத்து நிமிடம் விட்டால் வெள்ளைக்கருவில் சாயம் இறங்கும். சூஷி கடைகளில் தூவித் தரும் மொறுமொறுப்பான சிறு மணிகள் பறக்கும் மீனுடையவை, அல்லது கேப்லின் என்ற சிறு மீனுடையவை. அவையும் தின்ன நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேவியருக்குப் பதில் இது என்று யாராவது விற்றால் அந்தக் காசுக்கு நல்ல சால்மன் சினை வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

தண்ணீரில் உப்பு எவ்வளவு

மீன் சினையில் நாம் பயப்பட வேண்டிய முக்கியமான கிருமி, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பதன் ஒரு ரகம். கடல், ஆற்று மீன்களோடு சேர்ந்தே இருப்பது. காற்றில்லாத இடத்தில் வளரும், நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ நிறத்திலோ அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இந்த ரகம் 3 டிகிரிக்குச் சற்று மேலேயே வளரத் தொடங்கிவிடும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் 4, 5 டிகிரியில்தான் ஓடுகிறது. ஆக, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அதைக் கட்டுப்படுத்துவது உப்பு. பொருளின் மொத்த எடையில் உள்ள உப்பு இங்கே கணக்கில்லை. அதிலுள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால் உப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. அது 5 சதவீதத்தைத் தொட்டால் குளிரில் வளரும் அந்த ரகம் அடங்கிவிடும் என்பது மீன் பதப்படுத்துவோர் பின்பற்றும் விதி. கணக்கு எளிது: உப்பின் எடையை, உப்பும் தண்ணீரும் சேர்ந்த எடையால் வகுக்க வேண்டும்.

கேவியரை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் உப்பு 3.5 கிராம், தண்ணீர் சுமார் 52 கிராம். 3.5ஐ 55.5ஆல் வகுத்தால் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த 5 சதவீதக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, ஆனால் மயிரிழையில்தான். சால்மன் சினையில் தண்ணீர் கூடுதல், 58 கிராம் என்று வைப்போம். வீட்டில் உப்பிட்டால் 3 கிராம் உப்பு நிற்கும். 3ஐ 61ஆல் வகுத்தால் 4.9. கோட்டுக்குக் கீழே. காய்ந்த மடவைச் சினையில் தண்ணீர் 30 சதவீதம்தான்; உப்பு 5, 6 கிராம். அதன் கணக்கு 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

6, 4.9, 15. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கேவியர்: குறைந்த உப்பு, அதிக வேலை

பெலூகா, ஒசேத்ரா, செவ்ரூகா என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் காஸ்பியன் கடலின் ஸ்டர்ஜன் வகைகள். அளவுக்கு மீறிப் பிடித்ததால் அவை அழிவின் விளிம்புக்குப் போயின. 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2005இல் அமெரிக்கா பெலூகா இறக்குமதியையே நிறுத்தியது. இன்றைக்குக் கடைகளில் சட்டப்படி கிடைப்பது அநேகமாக எல்லாமே பண்ணை மீனின் சினைதான். உற்பத்தியில் சீனா முதலிடம். இத்தாலி, பிரான்ஸிலும் பெரிய பண்ணைகள் உண்டு.

விலைக்குக் காரணம் காத்திருப்பு. சைபீரிய ஸ்டர்ஜன் முதல் சினை வைக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். பெலூகாவுக்கு 15 ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலம் தீனி போட்டு வளர்க்க வேண்டும். அப்புறம் சினையின் பருவம். மீனை அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். இளசாக இருந்தால் முட்டையைச் சுற்றிக் கொழுப்பு ஒட்டியிருக்கும், பிரிக்க வராது. முற்றி, முட்டையிடும் நிலைக்கு வந்துவிட்டால் தோல் தளர்ந்து உப்பில் குழைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய காலம்தான் உண்டு. சினை எடுப்பதற்கு முன் மீனைச் சில வாரங்கள் தீனி இல்லாமல் சுத்தமான ஓடும் நீரில் விட்டு வைப்பார்கள், குளத்து மண்வாசனை போவதற்காக. மலிவான பண்ணைக் கேவியரில் சேற்று வாடை அடித்தால் இந்தப் படியில் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சினைப்பையை எடுத்ததும் கண்ணி சற்றுப் பெரிய சல்லடை மேல் வைத்து மெல்லத் தேய்ப்பார்கள். முட்டைகள் கீழே உதிரும், சவ்வு மேலே தங்கும். குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, எடை போட்டு, நிறம், அளவு, உறுதி பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு உப்பு. நைசான, அயோடின் சேர்க்காத உப்பை எடையில் மூன்று நான்கு சதவீதம் தூவி, சில நிமிடங்கள் கையாலேயே கலக்குகிறார்கள். ஆரம்பத்தில் உப்பு முட்டையிலிருந்து நீரை இழுக்கும், கலவை சொதசொதவென்று ஆகும். கலக்கக் கலக்க முட்டைத் தோல் இறுகும். மணிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையே மாறும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் கைதேர்ந்தவர்கள் நிறுத்துகிறார்கள். உடனே வடித்து, 1.8 கிலோ தகர டப்பாவில் கொஞ்சம் மேலெழும்பும்படி நிரப்பி, மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி, மூடியும் டப்பாவும் சேரும் இடத்தைச் சுற்றி ரப்பர் பட்டை போட்டுவிடுவார்கள். மீனிலிருந்து டப்பா வரைக்கும் எல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தால்தான் நல்லது.

டப்பா போகும் இடம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 2 போல. உப்பு இருப்பதால் அந்தக் குளிரில் கேவியர் உறையாது. அங்கே சில வாரங்கள், சில மாதங்கள் இருந்து உப்பு உள்ளே சீராகப் பரவி ருசி முதிர்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் கேவியரில் போராக்ஸும் சேர்ப்பதுண்டு. அங்கே ஸ்டர்ஜன் சினைக்கு மட்டும், கிலோவுக்கு 4 கிராம் வரை அனுமதி. உப்பைக் குறைக்க அது உதவும், லேசான தித்திப்பும் தரும். அமெரிக்காவில் அனுமதி இல்லை. டப்பாவில் இ285 என்று இருந்தால் இதுதான்.

மேல்தரக் கேவியரில் மலோசோல் என்று எழுதியிருப்பார்கள், குறைந்த உப்பில் செய்தது என்பதற்கு. அதைத் தரத்தின் அடையாளமாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். சரிதான், உப்பு குறையும்போது வெண்ணெய்ச் சுவையும் கொட்டைப் பருப்பு மணமும் தெரியும். ஆனால் அதே எழுத்து, இதைச் சீக்கிரம் தின்றுவிடு என்றும் சொல்கிறது. 6 சதவீதத்தில் நிற்கிற பொருள் அது. கண்ணாடிப் புட்டியில் அடைத்து மிதமான சூட்டில் பாஸ்டரைஸ் செய்த கேவியரும் உண்டு. திறக்காமல் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் முட்டைத் தோல் கொஞ்சம் ரப்பர் போல ஆகிவிடும். அந்த விலைக்கு அதை நான் வாங்கமாட்டேன்.

சால்மன் சினை: வீட்டில் செய்யக்கூடியது, வைக்கக் கூடாதது

கனடாவிலோ அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ இருப்பவர்களுக்கு இலையுதிர் காலத்தில் கிழக்காசியக் கடைகளில் சால்மன் சினை பையோடு கிடைக்கும். சம் சால்மன் என்ற இனத்தின் சினைதான் பெரிய மணி, ஜப்பானியர்கள் விரும்புவதும் அதைத்தான். வாங்கும்போது ஒரு முட்டையை விரலிடுக்கில் அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் உடைந்து தேன்போல ஒட்டினால் நல்லது. எவ்வளவு அழுத்தினாலும் நழுவி ஓடினால் மீன் ஆறு ஏறி முட்டையிடும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தத் தோல் எந்த உப்பிலும் மிருதுவாகாது.

500 கிராம் சினை என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள், கை வைத்தால் இதமான சூடு இருக்க வேண்டும். அதில் 30 கிராம் உப்பைக் கரைத்து, சினைப்பையை உள்ளே வைத்து, விரல்களால் மெதுவாகத் தள்ளினால் சவ்வு சுருங்கி முட்டைகள் கழன்று வரும். இந்த நேரத்தில் முதல்முறை செய்பவர்கள் பயந்துவிடுவார்கள், ஏனென்றால் பளபளப்பாக இருந்த மணிகள் மங்கி, வெள்ளை படர்ந்து, வெந்துவிட்டது போலத் தெரியும். வேகவில்லை. முட்டைக்குள் இருக்கிற புரதம் உப்பு நீரில் கரையும், உப்பு குறைந்த நீரில் கரையாமல் திரளும். கழுவும்போது மேல்பக்கத்துப் புரதம் அப்படித் திரண்டு வெண்மையாகிறது. பிறகு உப்புப் போட்டதும் ஒரு சில நிமிடத்தில் மேகம் விலகுவது போலத் தெளிந்து பழைய நிறத்துக்கு வந்துவிடும். தெளியாமல் வெள்ளையாகவே நிற்கும் மணிகள் மட்டும் உண்மையிலேயே சூட்டில் வெந்தவை, அல்லது உடைந்தவை. அவற்றை எடுத்துப் போட்டுவிடலாம்.

சவ்வைப் பொறுக்கி எடுத்தபின் குளிர்ந்த உப்புநீரில் நாலைந்து முறை அலசுங்கள். வெள்ளைத் துணுக்குகள் மிதந்து வரும், அவற்றோடு நீரை ஊற்றிவிட வேண்டும். நீர் தெளிவாக நின்றால் போதும். வடிகட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து நன்றாக வடியவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஒட்டியிருக்கும் நீர் உப்புக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இப்போது எடை போடுங்கள். 500 கிராமில் சவ்வும் உடைந்ததும் போக 400 கிராம் நிற்கும் என்று கொண்டால், 3.5 சதவீதம் 14 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். தூவி, ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து புரட்டி, மூடி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் நின்ற நீரை வடித்துவிடலாம். வடியும் நீரோடு கொஞ்சம் உப்பும் போகும். அதனால்தான் முன்பு 3 கிராம் என்று கணக்கிட்டேன்.

அந்தக் கணக்கு 4.9 என்று வந்தது நினைவிருக்கும். இதன் பொருள், நாம் செய்தது பதப்படுத்தல் இல்லை, ருசிக்கு உப்பிட்டது மட்டும்தான். எனவே இதைக் காற்றில்லாமல் வேக்குவம் பை போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது தவறு. இறுக மூடாத டப்பாவில், பனிக்கட்டி மேல் வைத்து, மூன்று நாளில் தின்றுவிட வேண்டும். அலாஸ்காவில் சால்மன் சினையைக் காற்றுப்புகாத கலத்தில் புளிக்கவைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் அந்தக் கிருமியின் நஞ்சால் வரும் பொட்டுலிசம் நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. குறைந்த உப்பு, மூடிய பாத்திரம், குளிர் போதாமை மூன்றும் சேர்ந்தால் நடப்பது அது.

இன்னொரு விஷயம், புழு. காட்டுச் சால்மனின் வயிற்றுக்குள் அனிசாகிஸ் புழுக்கள் இருக்கலாம், சினைப்பையின் சவ்விலும் ஒட்டியிருக்கும். அலசும்போது கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிடலாம், ஆனால் அதை நம்பக் கூடாது. உப்பிட்டு வடித்த சினையை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்து, பிறகு ஃபிரிட்ஜிலேயே மெல்ல உருகவிட்டு, அந்த மூன்று நாளுக்குள் சாப்பிடுவதுதான் முறை. சால்மன் முட்டையின் தோல் தடிமன் என்பதால் உறைந்து உருகினாலும் பெரும்பாலும் உடையாது. கேவியரை அப்படிச் செய்ய முடியாது. வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே பனிப்படிகம் உண்டாகித் தோல் கிழிந்து, உருகியதும் களியாகிவிடும். உறையவைக்க முடிகிறது என்பதே சால்மனுக்குப் பெரிய பலம். 50 கிராம் டப்பாக்களாகப் பிரித்து உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் வரும், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் எடுக்கலாம்.

மடவைச் சினை: நம் சந்தையிலேயே இருக்கிறது

சார்டீனியாவிலும் நாகசாகியிலும் பெரும் விலைக்கு விற்கும் காய்ந்த சினை எந்த மீனுடையதோ, அதே மடவைதான் பழவேற்காட்டிலும் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை காலத்தை ஒட்டிச் சினை மடவை வரும். நாம் அதைக் குழம்பில் போடுகிறோம், வறுக்கிறோம். காயவைத்துப் பார்க்க நினைப்பவர்கள் முழு மீனாக வாங்கி, வெட்டித் தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “அக்கா, சினை கிழியாம எடுத்துக் குடுங்க.” கத்தி நுனி பட்டுவிட்டால் அந்தச் சினை வறுவலுக்குத்தான் ஆகும், ஏனென்றால் உள்ளே இருப்பதைக் கட்டிக் காப்பது அந்த மெல்லிய பைதான். மேலே ஒட்டியிருக்கும் சிறு சதைத் துண்டையும் விட்டுவிடச் சொல்லுங்கள், இரண்டு பிரிவும் பிரியாமல் சேர்ந்திருக்கும். பேத்தை மீனின் சினையை மட்டும் எந்த விதத்திலும் தொட வேண்டாம். அதன் நஞ்சு உப்பிட்டாலும் காயவைத்தாலும் சூடாக்கினாலும் போகாது.

150 கிராம் சினை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஓடும் ரத்தக் குழாய்தான் முதல் வேலை. ஊசியால் ஓர் இடத்தில் குத்தி, கரண்டியின் முதுகால் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த ஓட்டையை நோக்கித் தள்ளினால் ரத்தம் வெளியேறும். விட்டுவைத்தால் காய்ந்தபின் கறுப்புக் கோடாக நின்று கசக்கும், அங்கிருந்தே காறல் வாடையும் கிளம்பும். பிறகு உப்பு. நம் ஊர்க் கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருக்கும். அது கசப்பு, ஈரத்தையும் காற்றிலிருந்து இழுக்கும். எனவே இதற்குச் சுத்தமான தூள் உப்புதான் நல்லது. தட்டில் உப்பைப் பரப்பி, சினையை வைத்து, மேலேயும் மூடி, ஃபிரிட்ஜில் பத்து மணி நேரம் போல வைத்து நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். எடுத்துப் பார்த்தால் தளதளவென்று இருந்தது இறுகியிருக்கும். கழுவி, துணியால் ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவே லேசான பாரம் வைத்து ஓர் இரவு அழுத்தினால் தட்டையாகும். பாரம் கூடினால் பை வெடித்துவிடும். ஒரு சின்னப் புத்தகத்தின் எடை போதும்.

காயவைப்பதில்தான் நம் கடலோரத்தின் ஈரக்காற்று எதிரி. மழைக்காலத்தில் வெளியே தொங்கவிட்டால் மேலே பூஞ்சை பிடிக்கும், ஈ மொய்க்கும். வெயிலில் வைத்தால் கொழுப்பு உருகிக் காறிவிடும். ஃபிரிட்ஜுக்குள் கம்பித் தட்டில் மூடாமல் வைத்து, தினமும் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். எப்போது முடிந்தது என்பதை எடை சொல்லும். 150 கிராம் சினையில் தண்ணீர் சுமார் 82 கிராம். மீதி 68 கிராம் புரதமும் கொழுப்பும், அதோடு ஏறிய உப்பு 6 கிராம். தண்ணீர் 30 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால் மொத்த எடை 106 கிராம் அளவுக்கு வர வேண்டும். அதாவது, தொடங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்தால் போதும். வெட்டிப் பார்த்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே தேன் நிறம் இருக்க வேண்டும். ஓரம் கெட்டியாகி நடு மட்டும் கொழகொழவென்று இருந்தால் வேகமாகக் காய்ந்துவிட்டது. காகிதத்தில் சுற்றி இரண்டு நாள் வைத்தால் உள்ஈரம் வெளியே பரவும், பிறகு மீண்டும் காயவைக்கலாம்.

இப்படிக் காய்ந்தது மாதக்கணக்கில் இருக்கும். இதற்குப் பிறகு இதைக் கெடுப்பது கிருமியைவிடக் காற்றுதான். கொழுப்பு காற்றோடு சேர்ந்து பெயிண்ட் வாடை வரும். கிரேக்கத்தின் மெசொலோங்கியில் தேன்மெழுகில் முக்கி எடுத்து வைப்பது இதைத் தடுக்கத்தான். நமக்கு வேக்குவம் பை போதும், இந்த உப்பில் அதற்குத் தடையில்லை. வெட்டியபின் மெழுகுத்தாளில் இறுகச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் வரும். சுடுசாதத்தில் நல்லெண்ணெய் விட்டு, மேலே இதைத் துருவிப் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், கருவாட்டுக்குப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது.

வீட்டில் வைக்கும்போது

ஃபிரிட்ஜ் கதவில் எந்தச் சினையையும் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். கீழ்த்தட்டின் பின்பக்கம்தான் குளிர் அதிகம். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கே வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். கேவியர் டப்பாவைப் பனிக்கட்டி நிரப்பிய கிண்ணத்தில் புதைத்து அங்கே வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். திறக்காத டப்பாவை அதில் போட்ட தேதி வரை வைக்கலாம், ஆனால் அந்தத் தேதி பண்ணைக் குளிரை மனதில் வைத்துப் போட்டது. வாங்கி ஓரிரு வாரத்தில் திறந்துவிடுவது நல்லது. திறந்தபின் இரண்டு நாள். மேற்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்தி மூடுங்கள். அடியில் பால்போல நீர் சேர்ந்தாலோ, மணிகள் ஒட்டிக்கொண்டாலோ, புளித்த வாடை அடித்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். வெள்ளிக் கரண்டி சினையோடு சேர்ந்தால் உலோக ருசி வரும். சாதாரண எவர்சில்வர் கரண்டியில் ஒன்றும் ஆகாது.

கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் கேவியரையும் சால்மன் சினையையும் தவிர்ப்பது நல்லது. ஃபிரிட்ஜ் குளிரிலேயே பெருகும் லிஸ்டீரியா கிருமியை இந்த அளவு உப்பு நிறுத்தாது. அவர்களுக்கு நன்றாக வெந்த சினைதான்.

சரி, எதை வாங்குவது?

இரண்டு பேர், ஒரு மாலை, மிச்சம் வைக்காமல் தின்னப் போகிறீர்கள் என்றால் கேவியர் வாங்கலாம். 30 கிராம் போதும், ஒசேத்ராவோ சைபீரிய ஸ்டர்ஜனோ. மேலே வெங்காயமும் எலுமிச்சையும் போட்டு அந்த ருசியை மறைக்காதீர்கள். பத்துப் பேர் சாப்பிடும் விருந்துக்கு அதை வாங்கினால் ஆளுக்கு அரைக் கரண்டிதான் வரும். அங்கே சால்மன் சினைதான் சரி. கொஞ்சம் ஆறிய சோற்றின் மேல் வையுங்கள், கொதிக்கும் சோறு மணிகளை வெந்ததுபோல் ஆக்கிவிடும். அடிக்கடி சமைப்பவர், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்துபவர், நல்ல ஃப்ரீசர் இல்லாதவர் என்றால் மடவைச் சினையைத்தான் சொல்வேன். என் காசை நான் போடுவதும் அதில்தான்.

கேவியர் வாங்குவதானால் டப்பாவில் சைட்டிஸ் குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று எழுத்து மீனின் இனம். அடுத்து வரும் ஒற்றை எழுத்து மீன் எங்கிருந்து வந்தது என்பது. ஆங்கில டபிள்யூ என்றால் காட்டுமீன், சி அல்லது எஃப் என்றால் பண்ணையில் பிறந்தது. பிறகு நாடு, அறுவடை ஆண்டு, பதப்படுத்திய ஆலை, தொகுதி எண். அந்தத் தாள் டப்பாவையும் மூடியையும் சேர்த்து ஒட்டியிருக்க வேண்டும், திறந்தால் கிழிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருபவர்களுக்கு சைட்டிஸ் தரும் சலுகை ஆளுக்கு 125 கிராம் வரைதான், அதுவும் இந்தக் குறியீடு ஒட்டிய டப்பாவாக இருந்தால். பனிக்கட்டிப் பையோடு கட்டி எடுத்து வந்தாலும் பயண நேரத்தை டப்பாவின் ஆயுளில் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ திறந்துவிடுங்கள்.